கை வைப்பதற்கு முன் கண்டது

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு ஷிப்டைக் கவனித்துக்கொள்கிறேன். ஏ.சி. டெக்னீஷியனாகத் தொடங்கி, பம்ப், ஜெனரேட்டர், தீயணைப்பு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தவன். எங்கள் தொழிலில் ஒர்க் ஆர்டர் இரண்டு வகை. 'நாலாவது மாடியில் ஏ.சி. குளிரவில்லை' என்று யாராவது புகார் சொன்னதும் வருவது ஒரு வகை. யாரும் எதுவும் சொல்லாமல், நாள்காட்டியைப் பார்த்துத் தானாக வருவது இன்னொரு வகை. இதை பி.பி.எம். என்போம், அதாவது திட்டமிட்ட தடுப்புப் பராமரிப்பு. கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், எதை மாதம் ஒருமுறை, எதை ஆண்டுக்கு ஒருமுறை என்று 52 வார அட்டவணையில் போட்டு வைத்திருப்போம். அந்தந்த வாரம் வந்ததும் வேலை டெக்னீஷியனின் போனில் வந்து நிற்கும்.

புகார் வேலை சரியாக முடிந்ததா என்பதைப் புகார் கொடுத்தவரே சொல்லிவிடுவார். அறை குளிர்ந்தால் போன் வராது, குளிராவிட்டால் மறுபடி வரும். பி.பி.எம். வேலைக்கு அப்படிக் காத்திருக்கும் ஆள் யாரும் இல்லை. பம்ப் அறைக்குப் போய்ப் பார்த்தவரும், போகாமலே பார்த்ததாகப் போட்டவரும் அன்றைக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அந்த வேலையிலிருந்து கட்டடத்துக்குக் கிடைப்பது, மூடும்போது டெக்னீஷியன் எழுதும் நாலு வரி. அந்த இடத்தில் பெரும்பாலும் நான் படித்திருப்பது, 'செக் பண்ணியாச்சு, ஓகே.'

இந்த ஓகேயால் என்ன போகிறது என்பதை எங்கள் தீயணைப்புப் பம்ப் அறையை வைத்துச் சொல்கிறேன். ஆண்டு முழுக்க வேலை இல்லாமல் நின்று, ஒரே ஒரு நாள் தேவைப்படும்போது ஓடியே தீர வேண்டிய இயந்திரங்கள் அங்கே இருக்கின்றன. அதனால் வாரா வாரம் போய்ப் பார்ப்பவர் எழுதுவதைத் தவிர அவற்றின் நிலையை அறிய வேறு வழி இல்லை.

முதலில் அந்த அறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நிலத்தடித் தொட்டியிலிருந்து தண்ணீரை எடுக்க மூன்று பம்புகள் உண்டு. ஒன்று மின்சாரத்தில் ஓடும் மெயின் பம்ப். இன்னொன்று கரண்ட் போனாலும் ஓடக்கூடிய டீசல் எஞ்சின் பம்ப். மூன்றாவது சின்னது, பெயர் ஜாக்கி. மூன்றும் ஒரே ஹெட்டர் குழாயில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரு கிளை மாடிகளில் உள்ள ஸ்பிரிங்க்ளர்களுக்கும், இன்னொரு கிளை கட்டடத்தைச் சுற்றி மண்ணுக்குள் வளையமாக ஓடும் ஹைட்ரன்ட் குழாய்க்கும் போகிறது. எல்லாக் குழாயிலும் எந்நேரமும் தண்ணீர் நிறைந்து, 7 கிலோ அழுத்தத்தில் இருக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதை நாங்கள் சுருக்கமாக 'கிலோ' என்றே சொல்வோம்.

அழுத்தம் 6 கிலோவுக்கு இறங்கினால் ஜாக்கி தானாக ஓடி 7-க்கு ஏற்றிவிட்டு நின்றுவிடும். அதையும் மீறி 5-க்கு இறங்கினால், எங்கோ ஸ்பிரிங்க்ளர் வெடித்திருக்கிறது அல்லது யாரோ ஹைட்ரன்ட் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது மெயின் பம்ப் கிளம்பும். 4-க்கு இறங்கினால் டீசல் எஞ்சின் கிளம்பும். ஒருமுறை கிளம்பிய மெயின் பம்பும் டீசல் பம்பும் தானாக நிற்காது. ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது அழுத்தம் ஏறிவிட்டது என்று பம்ப் தானாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

வாராந்திர செக்லிஸ்டில் ஹெட்டர் அழுத்தம், ஜாக்கி எந்த அழுத்தத்தில் கிளம்பி எந்த அழுத்தத்தில் நிற்கிறது, மெயின் பம்ப் கிளம்பும் அழுத்தம், எஞ்சின் ஆயில், டீசல் அளவு, பேட்டரி, வால்வுகள் திறந்திருக்கின்றனவா, கிளாண்டில் தண்ணீர் சொட்டுகிறதா என்று வரிசையாக இருக்கும். இந்த கிளாண்ட் விஷயத்தைப் புது ஆட்கள் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். பம்பின் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிற்றுப் பேக்கிங் வழியாகத் தண்ணீர் துளித்துளியாகச் சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர வைக்கிறது. ஒழுகல் என்று நினைத்து ஸ்பேனரால் இறுக்கினால், பம்ப் ஓடும்போது தண்டின் ஸ்லீவ் சூடேறித் தேய்ந்துவிடும். 'கிளாண்ட் ஓகே' என்று எழுதினால் சொட்டியதா, சொட்டவில்லையா, சொட்டியதைப் பார்த்து இறுக்கினாரா என்று அடுத்தவருக்குத் தெரியாது. 'ஓடும்போது துளித்துளியாகச் சொட்டுகிறது, இறுக்கவில்லை' என்று எழுதினால் தெரியும்.

மூடும் குறிப்பு ஒவ்வொன்றிலும் நான் எதிர்பார்ப்பது நாலு விஷயங்கள். போனபோது என்ன நிலையில் இருந்தது, என்ன செய்தோம், வரும்போது என்ன நிலையில் விட்டுவந்தோம், என்ன பாக்கி. இவற்றில் பெரும்பாலும் விட்டுப்போவது முதலாவது. அதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நல்ல டெக்னீஷியனின் கை சும்மா இருக்காது. ஹெட்டரில் 6.2 கிலோ காட்டினால் உடனே ஜாக்கியை மேனுவலில் ஓட்டி 7-க்குக் கொண்டுவந்துவிடுவார். பிறகு போனை எடுத்து 7 என்று எழுதுவார். எழுதியது பொய் அல்ல. ஆனால் அழுத்தம் இறங்கியிருந்தது என்ற செய்தி அவர் சரிசெய்த அந்த நிமிடத்திலேயே அழிந்துவிட்டது. சரிசெய்வது என்றாலே தடயத்தை அழிப்பதுதான். அதனால்தான் கை வைப்பதற்கு முன் கண்டதை எழுது, பிறகு கை வை என்று சொல்கிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து எங்கள் ஷிப்டில் சேர்ந்த ஒரு தம்பி இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பம்ப் அறை வேலை அவர் பொறுப்புக்கு வந்ததும், செக்லிஸ்டில் கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுத ஆரம்பித்தார். ஜாக்கியின் பேனலில் அவர்மீட்டர் ஒன்று உண்டு. பம்ப் இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்ன எண் பெட்டி. மாட்டிய நாள் முதல் யாரும் அதைக் குறித்ததில்லை. இவர் ஒவ்வொரு வாரமும் குறிப்பின் கடைசியில் அந்த எண்ணை எழுதினார்.

நாலு வாரக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஜாக்கி ஒரு வாரத்தில் ஓடிய நேரம் 0.2 மணி, 0.4 மணி, 0.9 மணி, 2.2 மணி என்று இருந்தது. அந்த நாலு வாரமும் ஹெட்டர் அழுத்தம் 6-க்கும் 7-க்கும் நடுவில்தான் இருந்தது. கிளம்பும் அழுத்தம், நிற்கும் அழுத்தம் எல்லாம் சரி. செக்லிஸ்டில் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் பதில் 'ஓகே'தான். ஜாக்கி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்ததால்தான் அழுத்தம் சரியாகத் தெரிந்தது. எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, ஜாக்கி அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, போன வாரம் மீட்டரைத் தப்பா படிச்சிட்டேனோன்னு நினைச்சேன். அதான் இந்த வாரம் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கிளம்புது. இருபது செகண்ட் ஓடுது, நிக்குது."

அவர் கண்ணால் பார்த்ததும் மீட்டர் சொன்னதும் பொருந்துகின்றனவா என்று கணக்குப் போட்டோம். 25 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 57 தடவை. ஒரு தடவைக்கு 20 வினாடி என்றால் ஒரு நாளைக்கு 19 நிமிடம், ஒரு வாரத்துக்கு 2.2 மணி. இரண்டும் ஒன்றாக இருந்தன. எங்கள் ஜாக்கி நிமிடத்துக்கு 180 லிட்டர் தள்ளும் ரகம். அது முழு அளவு தள்ளுவதாக வைத்தால் 20 வினாடிக்கு 60 லிட்டர், ஒரு நாளைக்குச் சுமார் 3,400 லிட்டர். ஓ.எம்.ஆர். கட்டடங்களுக்கு லாரித் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 12,000 லிட்டர் லாரி ஒன்று நாலு நாளுக்குள் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. தீயணைப்புத் தொட்டியில் மட்டம் குறைந்தால் மிதவை வால்வு திறந்து தானாக நிரப்பிவிடும். அதனால் தொட்டியைப் பார்த்தவருக்கும் எதுவும் தெரியவில்லை.

தண்ணீர் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. ஒழுகல் வளர்ந்து ஜாக்கி தள்ளும் அளவைத் தாண்டினால் அழுத்தம் 5-க்கு இறங்கும். நள்ளிரவில் மெயின் பம்ப் கிளம்பி, ஆள் வந்து நிறுத்தும்வரை ஓடும். இப்படி இரண்டு முறை நடந்தால் யாராவது தொல்லை தாங்காமல் மெயின், டீசல் இரண்டு பம்புகளின் சுவிட்சையும் ஆட்டோவிலிருந்து ஆஃபுக்குத் திருப்பிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் தீ பிடித்தால் தண்ணீர் இல்லை.

அன்றைய வாராந்திர ஒர்க் ஆர்டரைத் தம்பி மூடிய விதத்தை அப்படியே தருகிறேன்:

"போனபோது ஹெட்டர் 6.4 கிலோ. ஜாக்கி ஆட்டோவில். கிளம்புவது 6.0, நிற்பது 7.0. ஒரு மணி நேரம் கவனித்ததில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி 20 வினாடி ஓடியது. அவர்மீட்டர் ஒரு வாரத்தில் 2.2 மணி ஏற்றம். மூன்று வாரம் முன் 0.2. பம்ப் அறைக்குள் கண்ணுக்குத் தெரிந்த ஒழுகல் இல்லை. எதையும் மாற்றவில்லை. மூன்று பம்புகளும் ஆட்டோவில் விடப்பட்டன. அழுத்த இழப்பைக் கண்டுபிடிக்கத் தனி ஒர்க் ஆர்டர் போடப்பட்டது."

கடைசி வரியைக் கவனியுங்கள். வாராந்திர வேலை முடிந்துவிட்டது, அதனால் மூடியாகிவிட்டது. கண்டுபிடித்த கோளாறு வேறு வேலை, அதற்கு வேறு எண். சிலர் கோளாறு தீரும்வரை பி.பி.எம்-மை மூடாமல் வைத்திருப்பார்கள். அடுத்த வாரத்து ஒர்க் ஆர்டர் வரும்போது பழையதும் திறந்தே இருக்கும். எந்த வாரம் பார்த்தார்கள், எந்த வாரம் பார்க்கவில்லை என்பதே குழம்பிப்போகும். வேறு சிலர் கோளாறைக் குறிப்பில் எழுதிவிட்டு, தனி எண் போடாமல் மூடிவிடுவார்கள். மூடிய ஒர்க் ஆர்டரை யாரும் தேடிப் படிப்பதில்லை. அந்தக் கோளாறு அதோடு புதைந்துபோகும். பார்த்த வேலையை மூடு, பார்த்ததில் கிடைத்ததற்குப் புது எண் போடு, இரண்டிலும் ஒன்றின் எண்ணை மற்றதில் எழுது. எங்கள் ஷிப்டில் இதுதான் வழக்கம்.

தனி ஒர்க் ஆர்டர் வேலை இரவு நடந்தது. வால்வுகளை மூடிப் பார்ப்பது என்றால் அந்த நேரத்துக்குக் கட்டடத்தின் ஒரு பகுதிக்குத் தீப் பாதுகாப்பு இல்லை என்று பொருள். அதனால் கட்டட எஞ்சினியரின் எழுத்து அனுமதி வாங்கி, செக்யூரிட்டிக்கும் தீ அலாரம் பேனலில் இருப்பவருக்கும் சொல்லி, மாடிகளைச் சுற்றிவர ஆள் போட்ட பிறகே ஆரம்பித்தோம். பம்ப் அறையில் ஒருவர் வாக்கி டாக்கியோடு நின்றார். ஜாக்கியை நிறுத்திவிட்டு அழுத்தம் இறங்குவதைப் பார்க்கும் சோதனை இது. 5.5-க்கு வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று எல்லை வைத்துக்கொண்டோம். இன்னும் இறங்கி 5-க்குப் போனால் மெயின் பம்ப் கிளம்பிவிடும்.

முதல் சந்தேகம் அறைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு பம்பின் வெளியேற்றுப் பக்கத்திலும் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு உண்டு. என்.ஆர்.வி. என்போம். அதன் கதவில் மண்ணோ துருவோ சிக்கினால் தண்ணீர் பம்ப் வழியாகத் தொட்டிக்கே திரும்பிப்போகும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. பம்பைச் சோதிக்கும்போது தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் டெஸ்ட் லைன் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதேதான் நடக்கும். முதலில் எதையும் மூடாமல் ஜாக்கியை நிறுத்திப் பார்த்தோம். 7-லிருந்து 6-க்கு வர 25 நிமிடம் ஆனது. மறுபடி 7-க்கு ஏற்றி, மூன்று பம்புகளின் வெளியேற்று வால்வுகளையும் டெஸ்ட் லைனையும் இறுக மூடினோம். அதே 25 நிமிடத்தில் 6-க்கு வந்தது. அப்படியானால் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பவில்லை, வெளியேதான் போகிறது. பம்பு வால்வுகளை உடனே திறந்துவிட்டோம்.

அடுத்து ஸ்பிரிங்க்ளர் கிளையை மூடினோம். இப்போது ஹெட்டர் 6-க்கு வர 10 நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னண்ணே, மூடினா இன்னும் வேகமா இறங்குது? இந்த வால்வுதான் கெட்டிருக்கா?" என்றார் தம்பி.

அந்தக் கேள்வியில்தான் இந்தச் சோதனையின் நுணுக்கம் இருக்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது. குழாயில் தண்ணீர் மட்டும் இருந்தால் ஒரு குவளை வெளியேறினாலும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். விழாமல் தாங்கிப் பிடிப்பது மேல்மாடிக் குழாய்களின் முனைகளில் மாட்டிக்கொண்டிருக்கும் காற்று. அமுங்கியிருக்கும் அந்தக் காற்று விரிந்து, போன தண்ணீரின் இடத்தை நிரப்புகிறது. ஸ்பிரிங்க்ளர் கிளையில் அப்படிப்பட்ட காற்று அதிகம். அதைத் துண்டித்ததும் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. ஒழுகல் அதே அளவுதான், அழுத்தம் மட்டும் வேகமாக இறங்கியது. துண்டித்த கிளையின் சொந்த கேஜைப் பார்க்கச் சொன்னேன். அது 7-இல் அசையாமல் நின்றது. ஒழுகல் ஸ்பிரிங்க்ளரில் இல்லை, மண்ணுக்குள் இருக்கும் வளையத்தில் இருக்கிறது.

இதனால்தான் ஜாக்கி எத்தனை தடவை கிளம்புகிறது என்பதை மட்டும் வைத்து ஒழுகலை அளக்கக் கூடாது. காற்று நிறைய மாட்டியிருக்கும் கட்டடத்தில் ஜாக்கி எப்போதாவதுதான் கிளம்பும், ஆனால் கிளம்பினால் நிமிடக்கணக்கில் ஓடும். காற்றே இல்லாத கட்டடத்தில் சின்ன ஒழுகலுக்கே அடிக்கடி கிளம்பி உடனே நிற்கும். மொத்தம் ஓடிய நேரம்தான் போன தண்ணீருக்கு நெருக்கமான அளவு. அவர்மீட்டரைக் குறித்ததில் தம்பி சரியான எண்ணைத்தான் எழுதியிருந்தார்.

வளையத்தில் நடுநடுவே பிரிப்பு வால்வுகள் உண்டு. இரண்டிரண்டாக மூடிப் பார்த்ததில் வடக்குப் பாதி அழுத்தத்தைத் தாங்கியது, தெற்குப் பாதி தாங்கவில்லை. தெற்கை மறுபடி இரண்டாகப் பிரித்ததில், அடித்தளத்துக்கு வண்டி இறங்கும் சாய்தளத்தை ஒட்டிய துண்டில் வந்து நின்றது. அந்த இடத்தில் தரை காய்ந்திருந்தது. மணல் கலந்த மண் என்பதால் தண்ணீர் மேலே வரவே இல்லை. பக்கத்தில் உள்ள மழைநீர் வடிகால் தொட்டியின் மூடியைத் திறந்தபோது, மழையே இல்லாத நாளில் தெளிந்த தண்ணீர் மெல்லிய கோடாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்தத் துண்டை மட்டும் மூடி வைத்தோம். வளையம் என்பதால் மற்ற ஹைட்ரன்ட்களுக்கு மறுபக்கம் வழியாகத் தண்ணீர் கிடைக்கும். அடைபட்ட துண்டில் இருந்த ஹைட்ரன்டில் 'தண்ணீர் இல்லை' என்று பலகை மாட்டினோம். அதுவும் குறிப்பில் ஏறியது. பாக்கி என்ற தலைப்பில் எழுத வேண்டியது இதுதான்.

பிறகு தோண்டிப் பார்த்ததில் காரணம் தெளிவானது. அது 150 மில்லிமீட்டர் இரும்புக் குழாய். மண்ணில் துருப்பிடிக்காமல் இருக்கத் தார் கலந்த நாடா சுற்றியிருப்பார்கள். முன்பு எப்போதோ அதற்குக் குறுக்கே கேபிளுக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய கருவி நாடாவைக் கீறியிருக்கிறது. கீறிய இடத்தில் மட்டும் துரு குழிபறித்து ஊசித்துளை விழுந்திருந்தது. துளை வளர வளர, அவர்மீட்டரில் 0.2 என்பது 0.4 ஆகி, 0.9 ஆகி, 2.2 ஆயிற்று. அந்தத் துண்டை வெட்டி மாற்றி, பற்றவைத்து, மறுபடி நாடா சுற்றி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 10.5 கிலோவில் இரண்டு மணி நேரம் நிறுத்திப் பார்த்த பிறகே மண் மூடினார்கள்.

அடுத்த வாரம் அவர்மீட்டர் அசையவே இல்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் தம்பியிடம், "கடைசி மாடிக்குப் போய் ரைசர் உச்சியில் காற்று வெளியேற்றும் வால்வைத் திறந்து பார்" என்றேன். குழாயைக் காலி செய்து மறுபடி நிரப்பியதில் ஏராளமான காற்று உள்ளே போயிருந்தது. வெளியேற்ற நேரம் பிடித்தது. அதன் பிறகு வாரத்துக்கு 0.2 மணி என்ற பழைய அளவுக்கு வந்து நின்றது. அந்த எண்ணைத்தான் 'விட்டுவந்த நிலை' என்று எழுதி, பழுது ஒர்க் ஆர்டரை மூடினோம். வெல்டிங் முடிந்த நாளில் மூடியிருந்தால் பழுது தீர்ந்ததா என்பதற்கு எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

ஒரு குறை கண்டுபிடித்தால் எழுதுவது எளிது. ஒன்றும் கண்டுபிடிக்காத வாரம்தான் கஷ்டம். அந்த 0.2 என்ற எண் ஒன்றும் இல்லாத வாரத்தில் எழுதியது. அது இல்லாவிட்டால் 2.2 அதிகமா குறைவா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் கோளாறு இல்லாத நாளிலும் எண்ணை எழுதச் சொல்கிறேன். இன்றைக்கு அந்த எண்ணுக்குப் பயன் இல்லை. என்றாவது ஒரு நாள் அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

செய்ய முடியாத வேலைக்கும் குறிப்பு உண்டு. மாத வேலைக்குப் போனால் ஏ.ஹெச்.யு. அறைக்கு முன்னால் வாடகைதாரரின் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். உள்ளே போக முடியாமல், கதவுக்கு வெளியே சத்தம் கேட்டு 'ஓகே' என்று மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் எழுத வேண்டியது: 'உள்ளே போக முடியவில்லை, பெட்டிகள் இருந்தன, இன்னாரிடம் சொல்லப்பட்டது, பெல்ட்டும் ஃபில்டரும் பார்க்கப்படவில்லை, வேறு நாள் கேட்கப்பட்டது.' அட்டவணையில் ஒரு சிவப்புக் கட்டம் விழும். விழட்டும். பார்க்காத பெல்ட்டுக்குப் பச்சைக் கட்டம் விழுந்தால் அது அறுந்த பிறகுதான் தெரியும்.

இடத்துக்குப் போகாமல் எழுதிய குறிப்பு பழகியவர் கண்ணுக்குத் தப்பாது. மோட்டாரின் மூன்று ஃபேசிலும் கரண்ட் 12.4, 12.4, 12.4 என்று அச்சடித்தாற்போல ஒரே எண் இருக்கும். உண்மையில் அளந்தால் கொஞ்சமாவது மாறும். ஹெட்டர் அழுத்தம் வாரா வாரம் சரியாக 7.0 இருக்கும். 6-க்கும் 7-க்கும் நடுவில் ஏறி இறங்கும் அழுத்தம், ஒவ்வொரு முறையும் உச்சியில் இருக்கும்போதே ஒருவர் போய்ப் பார்க்க முடியாது. வெவ்வேறு மாடியில் உள்ள ஐந்து ஏ.ஹெச்.யு.க்களின் ஒர்க் ஆர்டர்கள் பத்து நிமிடத்துக்குள் மூடப்பட்டிருக்கும். இப்படிப்பட்டதைப் பார்த்தால் நான் திட்டுவதில்லை. அடுத்த முறை அவரோடு கூடப் போகிறேன். பல சமயம் கிளாம்ப் மீட்டர் பேட்டரி தீர்ந்திருக்கும், கேஜ் கண்ணாடி மங்கியிருக்கும், ஒரு ஷிப்டுக்குள் முடிக்கவே முடியாத எண்ணிக்கையில் வேலை போட்டிருப்பார்கள். இவையெல்லாம் அவர் எழுதியிருக்க வேண்டிய கண்டுபிடிப்புகள்தான்.

குறிப்பு செக்லிஸ்டையும் திருத்த வேண்டும். டீசல் எஞ்சின் பேட்டரிக்கு எங்கள் படிவத்தில் 'வோல்டேஜ்' என்று மட்டும் இருந்தது. சும்மா நிற்கும்போது அளந்தால், பலம் போன 24 வோல்ட் பேட்டரி செட்கூட 25-க்கு மேல் காட்டும், ஏனென்றால் சார்ஜர் எந்நேரமும் அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறது. எஞ்சினைச் சுழற்றும் அந்த இரண்டு மூன்று வினாடியில் வோல்டேஜ் எவ்வளவு கீழே போகிறது என்பதில்தான் பேட்டரியின் உண்மை வெளிப்படும். சுழற்றும்போது 17-க்கு இறங்கியது என்று ஒரு டெக்னீஷியன் தானாக எழுதிய குறிப்பால், எஞ்சின் கிளம்ப மறுப்பதற்கு முன்பே பேட்டரியை மாற்ற முடிந்தது. அதன் பிறகு படிவத்தில் 'சுழற்றும்போது மிகக் குறைந்த வோல்டேஜ்' என்று ஒரு வரி சேர்த்தோம். ஜாக்கிக்கு 'அவர்மீட்டர்: போன வாரம், இந்த வாரம், வித்தியாசம்' என்று ஒரு வரி. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிய இரண்டு பேரால் கேள்வித்தாள் மாறியது.

அந்த ஆண்டு பட்ஜெட் பேசும்போது, ஹைட்ரன்ட் வளையத்தில் கேபிள் குழி குறுக்கே போகும் மற்ற இடங்களையும் தோண்டி நாடாவைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். கட்டட உரிமையாளரின் எஞ்சினியர், "ஒழுகாத குழாயை எதுக்கு சார் தோண்டணும்?" என்றார். நாலு வாரக் குறிப்பையும், தோண்டிய குழாயின் படத்தையும், பழுதுக்குப் பிறகு வந்த 0.2-ஐயும் அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, கேபிள் கடக்கும் மற்ற இடங்கள் எங்கெங்கே என்று வரைபடத்தைக் கேட்டார். எங்கள் அனுபவத்தைச் சொல்லியிருந்தால் அது ஒரு சூப்பர்வைசரின் கருத்து என்று ஓரமாகப் போயிருக்கும். தேதியோடும் எண்ணோடும் ஒரு டெக்னீஷியன் பம்ப் அறையில் நின்று எழுதியது அப்படிப் போகவில்லை. கையெழுத்தாகி வந்த வேலை ஆணையில் காரணம் என்ற இடத்தில், தம்பி மூடிய அந்த வாராந்திர ஒர்க் ஆர்டரின் எண் இருந்தது.